நெல்லை அல்வா கடைக்கு ஒரு பெயர்ப்பலகை: செயற்கைப் படத்தில் தமிழ் எழுத்து பிழையின்றி வர

திருநெல்வேலி டவுணில் தேரோடும் வீதி ஒன்றில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஆனித் தேர்த் திருவிழாவுக்கு அச்சடிக்கும் துண்டுப்பிரசுரத்தில் தம் கடையைப் போலவே ஒரு படம் வேண்டும் என்றும், அதன் பலகையில் ‘நெல்லை அல்வா கடை’ என்று எழுதியிருக்க வேண்டும் என்றும் கேட்டார். செயற்கை நுண்ணறிவால் படத்தை உருவாக்கும் செயலியில் அந்தச் சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கொடுத்துப் பார்த்தேன். கடை அருமையாக வந்தது. பலகையில் வந்ததோ ‘ந’வுக்குப் பின்னால் தொங்கும் ஒரு கொம்பும், புள்ளியில்லாத இரண்டு ‘ல’வும், எந்த மொழியிலும் இல்லாத சில சுழிகளும்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பின்னால் நேரம் வீணாகாது. இவ்வகைச் செயலிகளில் பல, படத்தை நேரடியாகப் பிக்சல்களில் வரைவதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய வடிவத்தில் வரைந்து, பிறகு விரிக்கின்றன. 1024 பிக்சல் அகலப் படம் உள்ளே 128 கட்டமாகத்தான் இருக்கிறது என்றால், 40 பிக்சல் உயர எழுத்துக்குக் கிடைப்பது ஐந்தே கட்டம். அதில் புள்ளிக்கு ஒரு கட்டம்கூட மிஞ்சாது. இரண்டாவது காரணம் பயிற்சி. இவை கற்ற படங்களின் விளக்கங்களில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால், புதிய செயலிகள் HALWA என்ற சொல்லைச் சரியாக எழுதிவிடுகின்றன. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதை அவ்வளவு உறுதியாகக் கற்றிருப்பதில்லை. ஆங்கிலப் பலகை போதுமென்றால், சொல்லைப் பெரிய எழுத்தில், மேற்கோள் குறிக்குள், இரண்டு மூன்று சொற்களுக்கு மிகாமல் கொடுத்துச் சில முறை முயன்றாலே போதும். தமிழுக்கு நான் கடைப்பிடிக்கும் வழி வேறு: படத்தைச் செயலி வரையட்டும், எழுத்தை நாம் எழுதிப் பொருத்துவோம். கீழே உள்ள படிகளை இலவச மென்பொருளான GIMP கொண்டு விளக்குகிறேன்.

முதல் படி, வெற்றுப் பலகை உள்ள படத்தைப் பெறுவது. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். signboard என்ற சொல்லைக் கண்டாலே செயலி எதையாவது கிறுக்கிவிடும். No text என்று வேண்டுகோளிலேயே எழுதினால், text என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலும் கிறுக்கும். ஆகவே பலகை என்று சொல்லாமல், பொருளாகச் சொல்ல வேண்டும்:

```
small sweet shop on a temple street, South Indian town,
wide plain dark red wooden plank fixed above the entrance,
seen slightly from the left, morning light
```

விலக்க வேண்டியவற்றுக்குத் தனிப்பெட்டி உங்கள் செயலியில் இருந்தால், text, letters, writing ஆகியவற்றை அதில் இடுங்கள். அப்படியும் ஓரிரு கிறுக்கல்கள் எஞ்சினால் வருந்த வேண்டாம். பக்கத்து மரநிறத்தை எடுத்துத் தூரிகையால் மூடிவிடலாம். பலகை படத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் பரவியிருக்கும் படத்தையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி, படத்தை இப்போதே பெரிதாக்கிவிடுவது. எழுத்தைப் பொருத்திய பின் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் பெரிதாக்கினால், அது எழுத்தையும் தன் இஷ்டப்படி ‘திருத்தி’விடும். நான் 1024 பிக்சல் படத்தை 2048 ஆக்கிய பிறகே பலகையைத் தொட்டேன்.

மூன்றாம் படி எழுத்து. ஒளி ஊடுருவும் பின்னணியுடன் தனிக் கோப்பு ஒன்றைத் திறந்து, Noto Sans Tamil, Catamaran போன்ற யூனிகோட் எழுத்துருவில், தடித்த வகையில், பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். அச்சகத்திலிருந்து பெயரைக் கோப்பாக வாங்கினால் எச்சரிக்கை தேவை. அது பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருந்தால், யூனிகோட் எழுத்துருவில் ஒட்டும்போது ‘நெல்லை’ ney;iy என்று நிற்கும்; அதைத் திருத்த முயல்வதைவிடப் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவு.

இந்தக் கோப்பின் நீள அகல விகிதம் முக்கியம். என் படத்தில் பலகை இடப்பக்கம் 330 பிக்சல், வலப்பக்கம் 220 பிக்சல் உயரமும், 1220 பிக்சல் அகலமும் கொண்டிருந்தது. சராசரி உயரம் 275 என்று கொண்டால் விகிதம் நாலரைக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பக்கவாட்டில் பார்க்கும் பலகை உண்மையில் அதைவிட நீளமானது. கண்ணுக்குத்தான் குறுகித் தெரிகிறது. அதே விகிதத்தில் கோப்பை அமைத்தால், பொருத்தியதும் எழுத்து மட்டும் நேரே நின்று பார்ப்பதுபோல் பரந்து தெரியும். எனவே 2200 × 400, அதாவது ஐந்தரை விகிதம், எடுத்துக்கொண்டேன். இருபுறமும் 120 பிக்சல் இடம் எஞ்சும் வரை எழுத்தின் அளவைக் குறைத்தேன்.

நான்காம் படி, அதை PNG ஆகச் சேமித்து, கடைப் படத்தில் `Open as Layers` வழியாகக் கொண்டுவந்து, `Perspective` கருவியால் நான்கு மூலைகளையும் பலகையின் நான்கு மூலைகளில் வைப்பது. மூலைகளை எழுத்தை ஒட்டி வைக்காமல், 2200 × 400 சட்டத்தின் மூலைகளைப் பலகையின் மூலைகளோடு பொருத்த வேண்டும் என்பதில் கவனம் வேண்டும். அப்போதுதான் எழுத்தின் மேல்வரியும் கீழ்வரியும் பலகையின் விளிம்புகளோடு சேர்ந்து தொலைவில் குவியும்.

இனி எழுத்து ‘ஒட்டியதுபோல்’ தெரியாமல் இருக்கச் செய்ய வேண்டியது. தூய வெள்ளை நிறமே முதல் எதிரி. படத்தில் உள்ள சுண்ணாம்புச் சுவரின் வெள்ளையை நிறமெடுப்பானால் தொட்டு எடுத்து, அதையே எழுத்துக்குக் கொடுங்கள். காலை வெயிலில் அது சற்று மஞ்சளாக இருக்கும். அடுத்து நிழல். என் பலகையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் தாழ்வாரத்தின் நிழல் விழுந்திருந்தது, எழுத்திலோ இல்லை. எழுத்தின் மேல் ஒரு புதிய அடுக்கை `Multiply` முறையில் வைத்து, மென்மையான கருப்புத் தூரிகையால் எழுத்தின் மேற்பகுதியில் மட்டும் 30 விழுக்காட்டளவில் தீட்டியதும் இரண்டும் ஒன்றிப்போயின. இறுதியாக எழுத்தின் விளிம்பை ஒரு பிக்சலுக்கும் குறைவாக மங்கச் செய்யுங்கள்; உருவாக்கிய படங்கள் இயல்பாகவே சற்று மென்மையானவை.

முழுப் படத்தையும் மறுபடி செயலிக்குள் அனுப்பி ‘இழைத்து’ வாங்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. நான் பரிந்துரைப்பதில்லை. மாற்ற அளவை மிகக் குறைவாக வைத்தாலும், அந்த எட்டில் ஒரு பங்குச் சுருக்கத்தின் வழியாகப் படம் போய்த் திரும்புவதால், முதலில் தேய்வது புள்ளிதான்.

சரிபார்ப்பதற்குப் படத்தைக் கைப்பேசியில் சிறிதாகத் தெரியும் அளவுக்கு, 360 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குப் பெயர் முன்பே தெரியும் என்பதால் நம் கண் பிழையைத் தானே நிரப்பிக்கொள்ளும். என் முதல் படத்தை அண்ணாச்சியின் கடைப் பையன், “நெலலை அலவாவா, அண்ணாச்சி?” என்று படித்தான். எழுத்தில் பிழையில்லை, சுருங்கியபோது புள்ளிகள் மறைந்துவிட்டன. புள்ளி பெரிதாகவும் எழுத்துக்கு மேல் நன்றாக விலகியும் இருக்கும் வேறொரு தடித்த எழுத்துருவுக்கு மாற்றி, எழுத்திடைவெளியைச் சிறிது கூட்டி, மூன்றாம் படியிலிருந்து மறுபடி செய்தேன். அடுத்த முறை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பியதால், அச்சகத்துக்கும் புள்ளிகள் முழுதாகப் போய்ச் சேர்ந்தன.