'ஒன் ஆஃப் த கிளையண்ட்ஸ்' வந்தா ஹேஸா ஹேவா?

மெயில் அடிக்கிறப்ப 'ஒன் ஆஃப் த கிளையண்ட்ஸ்'னு போட்டதும் கை தானா 'ஹேவ்'க்குப் போகும், பக்கத்துல பன்மை நிக்கிதுல்ல, ஆனா எழுவாய் அந்த 'ஒன்' தாங்க, 'ஆஃப்'ல இருந்து வர்றத விரலால மறைச்சுட்டு வாசிச்சுப் பாருங்க. 'ஒன் ஆஃப் த கிளையண்ட்ஸ் ஃப்ரம் மதுரை அண்ட் திண்டுக்கல் ஹேஸ் பெய்ட்', ஊரு ரெண்டானாலும் காசு குடுத்தது ஒருத்தர் தான். 'ஈச் ஆஃப் த டீம் மெம்பர்ஸ்'க்கும் ஹேஸ் தான். 'நைதர் ஆஃப் அஸ்'க்கு பேச்சுல 'ஆர்' ஓடும், ஆபீஸ் மெயில்னா 'இஸ்' போடுங்க.

நடுவுல 'ஹூ' வந்தா மட்டும் கதை மாறும். 'ஷீ இஸ் ஒன் ஆஃப் த கிளையண்ட்ஸ் ஹூ ஹேவ் பெய்ட்', இதுல பணம் கட்டுனவங்க நிறைய பேரு, அவங்கள்ல இந்தம்மா ஒருத்தர், அதான் ஹேவ்.