கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு: துக்க உரையாடல் பதிவைக் கேட்டுப் பயிற்சி ஆலோசகருக்குப் பின்னூட்டம் எழுதுவது எப்படி?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் ஆலோசகர் பயிற்சிக்கு வரும் மாணவிகளின் உரையாடல் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் பின்னூட்டம் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. இந்த வேலையைப் புதிதாக எடுத்துக்கொண்ட இரண்டு பேர் "எப்படி எழுதுறது அக்கா, எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பல பதிவுகளைக் கலந்து, அடையாளங்களை மாற்றி நான் கட்டியது.

உதாரணத்தில் ஆலோசனைக்கு வந்த அக்காவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். பதினான்கு மாதத்துக்கு முன்னால் கணவர் கடலுக்குப் போனார். படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. பேசியவர் 23 வயது மாணவி. பதிவு 48 நிமிடம்.

படி 1: கேட்பதற்கு முன்னால்

பதிவு செய்யச் சம்மதம் வாங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யார் கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள், நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம், வேண்டாம் என்றாலும் ஆலோசனை கிடைக்கும் என்று எல்லாவற்றையும் அந்த அக்காவுக்குப் புரியும் பேச்சில் சொல்லியிருக்க வேண்டும். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது.

நம் கரையில் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. படகின் பெயர், எந்த ஜெட்டியிலிருந்து போனது, எந்த மாதம் என்று மூன்றில் ஒன்று வெளியே வந்தாலே ஊருக்கே ஆள் தெரிந்துவிடும், ஏனென்றால் திரும்பாத படகை இங்கே யாரும் மறப்பதில்லை. அதனால் பின்னூட்டத் தாளில் இவை எதையும் எழுதாதீர்கள். "வந்தவர்" என்று எழுதினால் போதும்.

படி 2: முதல் தடவை, நிறுத்தாமல் கேளுங்கள்

பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது நான் தேடுவது ஒன்றைத்தான்: உயிருக்கு ஆபத்தைக் காட்டும் பேச்சு எங்காவது வருகிறதா? இந்தப் பதிவில் 41-வது நிமிடத்தில் வந்தது.

"சில நேரம் கடக்கரையில நின்னா, அவுகளோடயே போயிரலாம்னு தோணும்."

மாணவி உடனே, "பிள்ளைகளை நெனச்சுப் பாருங்கக்கா" என்றார். அன்பில் வந்த வார்த்தைதான். ஆனால் அந்த அக்காவின் காதில் அது 'இதை இங்கே பேசாதீங்க' என்று விழுந்திருக்கலாம். அவரும் "ஆமாமா, பிள்ளைகளுக்காகத்தான்" என்று சொல்லி அந்தப் பேச்சை மூடிவிட்டார்.

இதை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கேட்ட அன்றே மாணவியைப் போனில் கூப்பிட்டு, வந்தவரைத் திரும்பத் தொடர்புகொள்ள ஏற்பாடு செய்யுங்கள். கேட்க வேண்டிய கேள்வி நேரடியாக இருக்கட்டும்: "போயிரலாம்னு தோணும்னு சொன்னீங்கக்கா, சாகணும்னு நெனப்பு வருதா?" ஆம் என்றால் கடைசியாக எப்போது வந்தது, எப்படி என்று யோசித்ததுண்டா, இப்போது வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று தொடர வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாணவிகளுக்கு இந்தப் பயம் நிறைய இருக்கிறது, அதனால் இதைச் சொல்லியே கொடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் எடுக்கும், தமிழில் பேசலாம், அதையும் அந்த அக்காவின் கையில் கொடுக்க வேண்டும். அப்புறம் போனில் பேசியதையும் செய்ததையும் பின்னூட்டத்தின் முதல் பத்தியில் தேதியோடு பதிவு செய்யுங்கள்.

சாக நினைப்பதும், போனவரோடு சேர ஏங்குவதும் துக்கத்தில் ஒரே மாதிரி வார்த்தைகளில் வரும். எது என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும்.

படி 3: இரண்டாம் தடவை, இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

இப்போது நேரத்தைக் குறித்துக்கொண்டே கேளுங்கள். 48 நிமிடத்தில் சொல்வதற்கு இருபது விஷயம் கிடைக்கும். மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். நான் ஆரம்பத்தில் நாலு பக்கம் எழுதி அனுப்பிய ஒரு மாணவி, அடுத்த பதிவில் வாயைத் திறக்கவே பயந்தார்.

எதைத் தேர்ந்தெடுப்பது? மாணவி பேசியது எனக்குப் பிடித்ததா இல்லையா என்று நான் பார்ப்பதில்லை. அதற்கு அடுத்து வந்தவர் என்ன செய்தார் என்று பார்க்கிறேன். பேச்சு நீண்டதா, சுருங்கியதா, வேறு பக்கம் திரும்பியதா, குரல் தாழ்ந்ததா? சான்று அங்கேதான் இருக்கிறது. 17-வது நிமிடத்தைப் பாருங்கள்.

வந்தவர்: "தெனம் ராத்திரி அவுகளுக்கு ஒரு தட்டு எடுத்து வச்சுருவேன். நகரைக் கொழம்புன்னா ரெண்டு தட்டு சோறு சாப்பிடுவாக."

மாணவி: "உங்க மேல ரொம்பப் பாசமா இருந்தாருல்லக்கா?"

ஏழு நொடி அமைதி.

வந்தவர்: "ம்... பெரியவன் இப்பப் பத்தாவது படிக்கிறான்."

அந்த அக்கா "சாப்பிடுவாக" என்றார், மாணவி "இருந்தாரு" என்றார். ஒரே சொல்லில் கணவரை இறந்தவராக்கிவிட்டார். அந்த அக்கா சண்டை போடவில்லை, தட்டைப் பற்றிய பேச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான். இந்த மாதிரி இடத்தைத்தான் பின்னூட்டத்துக்கு எடுக்க வேண்டும்.

மாணவி தன் குறிப்பில் "வந்தவர் மறுப்பு நிலையில் இருக்கிறார்" என்றும் எழுதியிருந்தார். இதற்கும் பதில் சொல்ல வேண்டும். மறுப்பு என்பது மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-ல் சொன்ன ஐந்து நிலைகளில் முதலாவது. அந்த நிலைகள், தங்கள் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்து வந்தவை. உடல் கிடைக்காத குடும்பத்தின் மீது அந்தச் சட்டையைப் போட்டால் பொருந்தாது. இங்கே பொருந்துவது பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தது. போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராயத் தொடங்கியவர் அவர். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்று சொல்லவும் எதுவும் இல்லை. குழப்பம் நடந்த சம்பவத்திலேயே இருக்கிறது, அதை அந்தப் பெண்ணின் மனக்கோளாறாகப் படிக்கக் கூடாது. சட்டம்கூட ஏழு ஆண்டு தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகப் பொதுவாக எடுத்துக்கொள்கிறது. சொந்தக்காரர்கள் ஒரு பக்கம் பொட்டை எடு, கருமாதி செய் என்கிறார்கள். இதற்கு நடுவில் ஆலோசகரும் 'ஏத்துக்கோங்க' என்றால் அந்த அக்கா எங்கே போவார்?

படி 4: எழுதும் முறை

"நன்றாகச் செய்தீர்கள், இன்னும் கொஞ்சம் பரிவு தேவை" என்று எழுதாதீர்கள். வியாழக்கிழமை அடுத்த சந்திப்பில் எதை மாற்றிச் செய்வது என்று இதிலிருந்து யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் நான் ஐந்து விஷயம் எழுதுவேன்: நேரமும் இருவரின் சொற்களும் அப்படியே, அடுத்து நடந்தது, அது எனக்குத் தோன்றும் விதம், ஒரு கேள்வி, மாற்றுச் சொற்கள். நடந்ததையும் தோன்றியதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள், முதலாவதைப் பதிவில் யாரும் சரிபார்க்கலாம், இரண்டாவதில் நாம் தவறாக இருக்கலாம். 17-வது நிமிடத்துக்கு எழுதியது இது:

> 17:10. வந்தவர் தட்டு எடுத்து வைப்பதைச் சொல்லி, "ரெண்டு தட்டு சோறு சாப்பிடுவாக" என்றார். நீங்கள் "பாசமா இருந்தாருல்லக்கா" என்றீர்கள்.
>
> ஏழு நொடி பேசவில்லை. பிறகு மகனின் படிப்புக்குப் போனார். அதற்குப் பிறகு 26-வது நிமிடம் வரை கணவரைப் பற்றிப் பேசவில்லை.
>
> "இருந்தாரு" என்ற சொல் அவருக்கு முன்னால் ஒரு முடிவை வைத்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு காரணமும் இருக்கலாம்.
>
> அந்த ஏழு நொடியில் உங்களுக்குள் என்ன ஓடியது? அந்த இடத்தை மட்டும் திரும்பக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.
>
> அவர் சொன்ன சொல்லையே பிடித்துக்கொள்ளலாம்: "தெனம் தட்டு எடுத்து வைக்கிறீங்க..." என்று சொல்லி நிறுத்தலாம். அல்லது, "அந்தத் தட்டை வைக்கிறப்போ எப்படி இருக்கும்கா?" என்று கேட்கலாம். அவர் வருவார் என்றும் சொல்ல வேண்டாம், வரமாட்டார் என்றும் சொல்ல வேண்டாம்.

கடைசி வரியைத்தான் மாணவிகள் அதிகம் தவறவிடுகிறார்கள். இறந்த காலத்தை விடச் சொன்னால், "கண்டிப்பா வந்துருவாருக்கா" என்று அடுத்த பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இரண்டும் நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்வதுதான்.

மூன்றில் ஒன்று நன்றாக நடந்த இடமாக இருக்கட்டும், அதையும் இதே அளவு விவரத்தோடு எழுதுங்கள். இந்தப் பதிவில் 26-வது நிமிடத்தில் அந்த அக்கா அழுதபோது மாணவி பதினொரு நொடி ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு வந்தவர் தானாகவே, "வாடைக் காத்து அடிச்சா தூக்கம் வராது தங்கச்சி" என்று தொடங்கி மூன்று நிமிடம் பேசினார். "அமைதியாக இருந்தீர்கள், நன்று" என்று எழுதினால் அது வெறும் பாராட்டு. நொடிக் கணக்கையும் அதற்குப் பின் வந்த பேச்சையும் எழுதினால், தான் செய்தது என்ன என்று மாணவிக்குத் தெரியும், திரும்பச் செய்ய முடியும்.

படி 5: அனுப்பிய பிறகு

இரண்டு பக்கத்துக்குள் முடித்து, சந்திப்பு நடந்த மூன்று நான்கு நாளுக்குள் அனுப்பிவிடுங்கள், நாள் போனால் மாணவிக்குத் தன் மனதில் ஓடியது மறந்துபோகும். அந்தக் கேள்விக்குப் பதில் வந்த பிறகு அரை மணி நேரம் நேரில் உட்காருங்கள்.

பதிலில் சில நேரம் நாம் எதிர்பார்க்காதது வரும். இந்த மாணவி, "எங்க சித்தப்பாவும் கடல்லதான் போனாக மேடம், அந்தத் தட்டுன்னதும் எனக்குத் தாங்கல, சீக்கிரம் தாண்டிரணும்னு இருந்துச்சு" என்று எழுதியிருந்தார். நம் கரைக் குடும்பங்களில் இது அபூர்வமில்லை. அந்த இழப்பு இந்த உரையாடலைத் தொட்ட அளவுக்கு மட்டும் பேசுங்கள், அதாவது அவசரப்பட்டுத் தாண்டியதைப் பற்றி. சித்தப்பாவைப் பற்றிய துக்கத்துக்கு அவருக்கு வேறொரு ஆலோசகர் வேண்டும், நாமே அதையும் எடுத்துக்கொண்டால் மதிப்பெண் போடுகிறவரிடம் அழ வேண்டிய நிலைமை அவருக்கு வந்துவிடும். இதை எழுத்தில் வைக்காமல் நேரில் சொல்லுங்கள்.

அடுத்த பதிவில் நான் முதலில் தேடியது ஒன்றைத்தான்: கணவரைப் பற்றிய பேச்சில் மாணவி எந்தக் காலத்தில் பேசுகிறார்? ஆறாவது நிமிடத்தில் மாணவி, "நேத்தும் தட்டு எடுத்து வச்சீங்களாக்கா?" என்று கேட்டார். அந்த அக்கா கொஞ்சம் சிரித்தார், பிறகு காலையில் அந்தச் சோறு என்ன ஆகிறது, சின்னவன் அதைப் பார்த்து என்ன கேட்கிறான் என்று நாலு நிமிடம் பேசினார். அதைக் குறித்துக்கொண்டு, சம்மதத் தாளில் எழுதிய தேதி வந்துவிட்டதால் பழைய பதிவை இருவருமாக அழித்தோம்.