எந்தக் கூற்று வலியது?

இரண்டு கூற்றுகளில் எது வலியது என்று அறிய, முதலாவது மெய்யாகவும் இரண்டாவது பொய்யாகவும் இருக்கக்கூடிய ஒரு நிலை உண்டா என்று தேடுங்கள்; அப்படி ஒன்று இருக்கவே முடியாதெனில் முதலாவதிலிருந்து இரண்டாவது தானாகவே கிடைக்கும். பிறகு, மறக்காமல் இரண்டையும் இடம் மாற்றி அதே கேள்வியைக் கேளுங்கள்; இரண்டாவதிலிருந்து முதலாவது கிடைக்காவிட்டால் முதலாவதே வலியது.

கோல்ட்பாக் ஊகத்தை எடுத்துக்கொள்வோம். 2ஐ விடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகை என்பது வலிய கூற்று. 5ஐ விடப் பெரிய ஒவ்வோர் ஒற்றை எண்ணும் மூன்று பகா எண்களின் கூட்டுத்தொகை என்பது மெலிய கூற்று. 25இலிருந்து 3ஐக் கழித்தால் 22 வரும்; வலிய கூற்றின்படி அதை 5 + 17 என்று பிரிக்கலாம் என்பதால், 25 = 3 + 5 + 17 ஆகிறது. எந்த ஒற்றை எண்ணுக்கும் இதே வழி செல்லும்.

திரும்பிவரத்தான் வழியில்லை. 25ஐ மூன்று பகா எண்களாகப் பிரிக்கலாம் என்று மட்டும் ஒருவர் உறுதியளித்தால், அவர் கையில் இருப்பது 5 + 7 + 13 ஆகவும் இருக்கலாம். அதில் 3 இல்லாததால் 22க்கு அது உதவாது. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்தத் திருப்பத்தில்தான்.

மெலியதைத் தகர்க்கும் ஒரே ஓர் ஒற்றை எண் வலியதையும் தகர்த்துவிடும். ஆனால் வலியதைத் தகர்க்கும் இரட்டை எண் கிடைத்தாலும் மெலியது பிழைத்திருக்கக்கூடும். வலியதைக் காக்க முனைபவர் இரு பக்கத் தாக்குதலையும் தாங்கியாக வேண்டும். மெலியதற்கு 2013இல் ஹரால்ட் ஹெல்ஃப்காட் நிரூபணம் அளித்தார். 1742இல் தொடங்கிய வலியது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.