சுய உறுதிமொழியா, சத்தியக் கடதாசியா?

மாமியின் விதவை ஓய்வூதியக் கோப்பு திருகோணமலையில் ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. விவாகச் சான்றிதழில் 'பரமேஸ்வரி', அடையாள அட்டையில் 'பரமேசுவரி அம்மா'. இருவரும் ஒருவரே என்று அவர் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். "இது காணாது தங்கச்சி, சத்தியக் கடதாசி வேணும்" என்றார் எழுதுநர்.

சுய உறுதிமொழி நாமே சொல்லி நாமே ஒப்பமிடுவது. முகவரி, தொழில் போன்றவற்றுக்கு, படிவமே கேட்டால், அது போதும். இரண்டு ஆவணங்கள் முரண்படும்போது அலுவலருக்கு அதைவிடக் கனமான ஒன்று தேவை. சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன் உறுதிசெய்து ஒப்பமிட வேண்டும். அதில் பொய் சொன்னால் தண்டனைச் சட்டக்கோவைப்படி பொய்ச்சாட்சிக் குற்றமாகலாம்.

அதனால் மாமி ஒப்பமிடும் முன்னரே அவரைச் சமாதான நீதவானிடம் கூட்டிப்போனேன். வீட்டில் ஒப்பமிட்டுக் கொண்டுபோனால் 'என் முன்னிலையில்' என்ற வரிக்கே அர்த்தமில்லை. நல்ல சமாதான நீதவான் திருப்பிவிடுவார். இரண்டு பெயர்களையும் ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கெழுத்து எழுதி, சான்றிதழ், அடையாள அட்டை இலக்கங்களையும் சேர்த்தோம். மாமி அவர் முன் ஒப்பமிட்டதும், சமாதான நீதவான் இடமும் திகதியும் எழுதி, தானும் ஒப்பமிட்டு முத்திரை குத்தினார்.

கோப்பு ஏற்கப்பட்டது. ஆனால் பதிவேட்டில் பெயர் மாறவில்லை. சத்தியக் கடதாசி சான்று மட்டுமே. திருத்தத்துக்குப் பதிவாளரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.