தேனடைப் படத்தில் ஓட்டை தெரிந்தால் நோய் என்று பதறாதீர்கள்

பினாங்கு பாலிக் புலாவில் பழத்தோட்டத்து ஓரமாகத் தேன் பெட்டி வைத்திருக்கும் ஒருவர், அடை கட்டிய மரச்சட்டம் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். "அண்ணே, மூடின அறையில எல்லாம் நடுவுல ஓட்டை விழுந்திருக்கு. நோயா? அடையை எரிச்சிடவா?" நெட்டில் தேடி, நோய் பிடித்த அடையின் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். அவை ஐரோப்பியத் தேனீயின் படங்கள். அவர் பெட்டியில் இருப்பதோ இந்தியத் தேனீ.

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அறையைப் பார்ப்பதற்கு முன்னால் எந்தத் தேனீயின் கூடு என்று முடிவு செய்ய வேண்டும். கோலாலம்பூரில் அடுக்குமாடி விளிம்பிலோ உயரமான மரக்கிளையிலோ திறந்த வெளியில் ஒரே ஒரு பெரிய அடை தொங்கினால் அது மலைத்தேனீ. பெட்டிக்குள்ளோ மரப்பொந்திலோ பல அடைகள் இணையாகத் தொங்கினால் இந்தியத் தேனீ, இல்லையென்றால் வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்க்கும் ஐரோப்பியத் தேனீ. இரண்டையுமே மரப்பெட்டியில் வளர்ப்பதால் பெட்டியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஈயின் உடலளவையும் பார்க்க வேண்டும். மரக்கட்டையின் மேல் சிறு பெட்டி பொருத்தி, வாசலில் பிசின் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் அது கெலுலுட் எனும் கொட்டாத தேனீ. அதில் தேன் அறுகோண அறையில் இருக்காது, உருண்டைக் குடுவைகளில் இருக்கும். அந்தக் குடுவைகளைப் பார்த்து "அறை கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களும் உண்டு.

சரி, பாலிக் புலாவ் சட்டத்துக்கு வருவோம். படத்தின் மேல்பகுதியில் வெளுத்த, தட்டையான மூடிகள் ஒரு பட்டையாக ஓடின. அது தேன். அதற்குக் கீழே மஞ்சளும் ஆரஞ்சுமாக மூடாத அறைகள், மகரந்தம். நடுவில் பழுப்பு நிறத்தில், பளபளப்பில்லாமல், லேசாக மேடிட்ட மூடிகள் நெருக்கமாக இருந்தன. அவை வேலைக்காரத் தேனீயின் புழு அறைகள். நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பழைய அடையில் தேன் மூடியும் கறுத்திருக்கும், மெழுகு தேனில் ஒட்டியிருந்தாலும் ஈரமாகக் கறுத்துத் தெரியும். இடமும் மூடியின் மேடும்தான் கூடுதல் நம்பகமானவை.

ஓட்டையெல்லாம் அடையின் கீழ் ஓரத்தில் கும்பலாக இருந்தது. அந்த மூடிகள் பக்கத்து அறைகளைவிட உயர்ந்து, கூம்பு போலக் குவிந்து, உச்சியில் ஒரே ஒரு வட்டத் துளையோடு இருந்தன. இந்தியத் தேனீயில் ஆண் ஈ வளரும் ஆண் அறை இப்படித்தான் இருக்கும். ஆண் புழு உள்ளே கெட்டியான கூட்டுறை நூற்கிறது, அதன் உச்சியில் ஒரு துளை அமைகிறது. வேலைக்காரத் தேனீக்கள் மேலே பூசிய மெழுகைப் பிறகு சுரண்டி எடுத்துவிடுவதால் துளை வெளியே தெரிகிறது. அதனால் புதிதாக மூடிய ஆண் அறையில் துளை தெரியாது. ஐரோப்பியத் தேனீயின் ஆண் மூடியில் இந்தத் துளையே கிடையாது; துப்பாக்கிக் குண்டின் முனைபோல மேடிட்டு மட்டும் இருக்கும். நெட்டில் அதிகம் கிடைப்பது அந்தப் படங்கள்தான்.

நோய்த் துளையோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, மூடி மேலே எழும்பியிருக்கிறதா, உள்ளே குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். நோயுள்ள மூடி குழிந்து, கறுத்து, எண்ணெய் பட்டதுபோல் இருக்கும். ஓட்டை ஓரம் கிழிந்து, நடுவில் இல்லாமல் எங்காவது இருக்கும். அப்படிப்பட்ட அறைகளும் அடை முழுக்கச் சிதறிக் கிடக்கும். பாதி மூடிய அறையிலும் நடுவில் ஓட்டை தெரியும், ஆனால் அதற்குள் வெள்ளைப் புழு தெரியும்.

மேடிட்ட மூடிகள் கீழ் ஓரத்தில் இல்லாமல், வேலைக்கார அறைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கதை வேறு. ராணி இல்லாத பெட்டியில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கியிருக்கலாம்; அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள்தான் வரும். அப்போது ஒரே அறையில் பல முட்டைகள் கிடக்கும். அதைப் படத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ராணி அறையை ஆண் அறை என்று நினைப்பதும் வழக்கம். ராணி அறை அடையின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி நிலக்கடலை மாதிரித் தொங்கும். ஆண் அறை மற்ற அறைகளைப் போலவே பக்கவாட்டில் திறக்கும். பாலிக் புலாவ் சட்டத்தில் அப்படி ஒன்றும் தொங்கவில்லை. ஆனால் ஆண் அறைகள் இத்தனை இருந்ததால், கூட்டம் பிரியும் காலம் நெருங்கலாம் என்று அடுத்த சில வாரங்களுக்கு அடை விளிம்பைக் கவனிக்கச் சொன்னேன். பெட்டியின் தரையிலோ வாசலிலோ துளையுள்ள சிறு மூடிகள் உதிர்ந்து கிடந்தால், ஆண்கள் வெளியே வரத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மலைத்தேனீ அடையில் ஆண் அறையைத் தேடவே வேண்டாம். அங்கே வேலைக்கார அறையும் ஆண் அறையும் ஒரே அளவுதான். அடை முழுக்கத் தேனீக்கள் போர்வைபோல் மூடியிருப்பதால் அறையே தெரியாது.

படம் அனுப்பும்போது வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, சட்டத்தைச் சாய்த்து, மூடியின் மேடு நிழலில் தெரியும்படி எடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் எல்லா மூடியும் தட்டையாகிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், அந்தச் சிறு துளை கறுப்புப் புள்ளியாகக் கரைந்துபோகும். ஆவணமாக அனுப்புங்கள்.