உறுதி எழுதிய சட்டத்தரணியைப் பற்றிக் கருத்து எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்கிய ஒருவர், உறுதி எழுதிய சட்டத்தரணியைப் பற்றி இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "பத்து இலட்சம் வாங்கிவிட்டார், பகற்கொள்ளை." வாசிப்பவர் அந்தச் சட்டத்தரணி பக்கமே போகமாட்டார். ஆனால் அந்தப் பத்து இலட்சத்தில் அவருடைய கட்டணம் எவ்வளவு?

விற்பனை உறுதிக்கு முத்திரைத் தீர்வை, பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். வீட்டின் விலை இரண்டு கோடி என்றால் 3,000 ரூபாவும் 796,000 ரூபாவும் சேர்ந்து 799,000 ரூபா. இது மாகாண சபைக்குப் போகும் பணம். மிஞ்சும் 201,000 ரூபாவுக்குள்தான் அவருடைய கட்டணம், காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிய செலவு, பதிவுக் கட்டணம் எல்லாம் அடங்கும். குறை சொல்வதென்றால் அந்த மிச்சத்தைப் பற்றித்தான் சொல்லலாம்.

சரி, பிரித்தே எழுதுவோம் என்று தீர்வைத் தொகையைப் போட்டுவிடாதீர்கள். 799,000இல் 3,000ஐக் கழித்து, 0.04ஆல் வகுத்து, ஒரு இலட்சத்தைக் கூட்டினால் உங்கள் வீட்டின் விலை யாருக்கும் தெரிந்துவிடும். வாசிப்பவருக்குத் தேவையானது வேறு: முதல் சந்திப்பிலேயே தீர்வையையும் தன் கட்டணத்தையும் பிரித்து எழுதித் தந்தாரா, கடைசியில் கேட்ட தொகை அதோடு ஒத்துப்போனதா, தீர்வை கட்டிய பற்றுச்சீட்டைக் கேட்காமலே காட்டினாரா. ஒரு தொகையும் சொல்லாமல் இவ்வளவையும் எழுதலாம்.

அவர் தந்த ஆலோசனை நேர்மையானது என்று காட்ட முனையும்போதுதான் இரகசியம் கூடுதலாக வெளியே போகிறது. "உறுதியில் விலையைக் குறைத்துப் போட மறுத்துவிட்டார்" என்று பாராட்டினால், அப்படிக் கேட்டது நீங்கள்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். "இன்ன ஒழுங்கையில் உள்ள வீட்டின் உறுதியில் பிழை கண்டுபிடித்தார்" என்றால், விற்க வந்தவரை அயலவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அவர் உங்கள் மேல் வழக்குப் போடவும் கூடும். இடத்தையும் மாதத்தையும் விட்டுவிட்டு இப்படி எழுதுங்கள்: "பதிவுகளைத் தேடிப் பார்த்தபின் வாங்கவேண்டாம் என்றார். வாங்கியிருந்தால் உறுதி எழுதும் கட்டணம் அவருக்குக் கிடைத்திருக்கும். தேடிய செலவை மட்டும் வாங்கினார்." தன் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன ஆலோசனை என்பது இதிலேயே தெரிகிறது.

குறை எழுதும்போது இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். நீங்கள் அவரிடம் பேசியதை உங்கள் சம்மதமில்லாமல் வெளியிட அவருக்குப் பொதுவாக உரிமை இல்லை. "இவர் ஆவணத்தைப் பிந்தித் தந்ததால்தான் வேலை இழுபட்டது" என்று அவரால் எளிதில் திருப்பி எழுத முடியாது. ஆகவே தாமதம் என்று எழுதினால், உங்கள் பக்கத்தால் எத்தனை நாள், அவர் பக்கத்தால் எத்தனை நாள் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.