சோபா, சுவர்த் தட்டு, மணல் பெட்டி: தொடர்மாடி வீட்டைப் பூனைக்கும் ஏற்றதாக மாற்றுவது எப்படி

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. வரவேற்பறை 12 அடிக்கு 14 அடி. அதற்குள் ஒரு சோபா, ஒரு தொலைக்காட்சி, அம்மாவின் தையல் இயந்திரம். கறுப்பி என்ற நான்கு கிலோ உள்ளூர்ப் பூனை வந்த இரண்டாவது மாதத்தில் சோபாவின் வலது கை நூல்நூலாய்த் தொங்கியது. அதன் பிறகு மூன்று வேலைகள் செய்தோம். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை: துணி

பூனை சோபாவைக் கீறுவது கோபத்தால் அல்ல. நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், தூங்கி எழுந்ததும் முதுகை நீட்டவும், பாதத்தில் உள்ள சுரப்பிகளின் மணத்தைப் பதிக்கவும் கீறுகிறது. அதை நிறுத்த முடியாது. நகம் கொளுவ முடியாத துணியைப் போடுவதுதான் நம்மால் ஆகக்கூடியது.

நகம் கொக்கி போன்றது, துணியில் வளையம் இருந்தால் பிடித்துக்கொள்ளும். ஆகவே நூல் வளைந்து நிற்கும் துணிகளையும், சணல் போன்ற தளர்ந்த நெசவையும் தவிர்க்க வேண்டும். மேற்புறம் மயிர் போல வெட்டப்பட்ட வெல்வெட்டும், நெருக்கமான மைக்ரோஃபைபரும் தாக்குப்பிடிக்கும். ரெக்சினை வாங்கவே வேண்டாம். நகம் துளைத்த இடத்திலிருந்து அது கிழியும், கொழும்பின் ஈரக்காற்றில் தானாகவும் உரியும்.

புறக்கோட்டையில் துணி பார்க்கும்போது ஒரு சேஃப்டி ஊசியைக் கொண்டுபோங்கள். உள்ளங்கையளவு மாதிரித் துண்டு வாங்கி, விரித்த ஊசியின் முனையைச் சாய்வாக வைத்து ஐந்தாறு முறை இழுத்துப் பாருங்கள். நூல் மேலே வந்தால் அந்தத் துணி வேண்டாம். கோடு மட்டும் விழுந்து, கையால் தடவியதும் மறைந்தால் எடுக்கலாம். "இது மிகவும் பலமான துணி" என்று கடைக்காரர் சொல்வார். பெரும்பாலும் அது உராய்வுக்குத் தாங்கும் பலம், நகத்துக்கு அல்ல. நான் வெல்வெட்டை விட்டு மைக்ரோஃபைபரை எடுத்தேன், காரணம் மே மாத வெயிலில் வெல்வெட்டில் உட்கார முடியாது. குஷன் வேலை செய்பவரிடம் துணியை இறுக்கமாக இழுத்து அடிக்கச் சொல்லுங்கள், தொய்ந்த துணியில் நகம் எளிதாக ஏறும்.

அதே நாளில், சோபாவின் கீறப்பட்ட கைக்கு அருகிலேயே ஒரு கீறல் தூணை நிறுத்துங்கள். கனமான அடிப்பலகையில் நிறுத்திய மரக்கட்டைமேல் தென்னந்தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் போதும். உயரம் 85 சென்ரிமீற்றராவது வேண்டும், பூனை முழு உடலையும் நீட்ட வேண்டுமல்லவா? தூண் ஆடினால் அது திரும்பிப் பார்க்காது.

இரண்டாவது வேலை: ஏறும் தட்டுகள்

தட்டுகளுக்குக் கடதாசியில் படம் வரையுமுன் மின்விசிறியைப் பாருங்கள். இறக்கைகளின் முனையிலிருந்து ஒரு மீற்றருக்குள் எந்தத் தட்டும் வரக்கூடாது. எங்கள் அறையில் அதனாலேயே ஜன்னலோரச் சுவர் மட்டும்தான் மிஞ்சியது. கடலும் கோபுரப் புறாக்களும் தெரிவதால் கறுப்பிக்கு அதில் குறையில்லை.

ஒவ்வொரு தட்டும் 28 சென்ரிமீற்றர் அகலம், 50 சென்ரிமீற்றர் நீளம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் 35 சென்ரிமீற்றர், பக்கவாட்டில் சிறிது விலகல். சோபாவின் முதுகு முதல் படி, அதன்பின் நான்கு தட்டுகள். மேற்பரப்பில் பழைய யோகாப் பாய்த் துண்டுகளை ஒட்டினோம், வார்னிஷ் பூசிய பலகையில் பாதம் வழுக்கும்.

தவறு நேர்வது பெரும்பாலும் துளையிடும் இடத்தில்தான். பூனையின் எடை நான்கு கிலோவாக இருந்தாலும், பாய்ந்து இறங்கும் கணத்தில் தட்டின்மேல் விழும் சுமை அதைப்போல் பல மடங்கு. ஆகவே 20 கிலோ தாங்கும்படி பொருத்துங்கள். சுவரில் துளையிடும்போது வெளியே வரும் தூளைக் கவனிக்க வேண்டும். முதலில் வெளிறிய பூச்சுத் தூள் வரும். அடுத்துச் சிவப்பு வந்தால் செங்கல், சாம்பல் நிறம் வந்தால் சீமெந்துக் கல். துளைக்கருவி திடீரென உள்ளே விழுந்தால் அது உள்ளீடற்ற கல். அங்கே சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, உள்ளே விரியும் வகை வேண்டும், அல்லது இடத்தை மாற்றுங்கள். பிளக் முழுவதும் கல்லுக்குள் இருக்க வேண்டும், பூச்சுக்குள் மட்டும் நின்றால் இரண்டு மாதத்தில் தட்டு சாயும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள், மின்கம்பி பெரும்பாலும் அங்கேதான் ஓடும்.

தட்டுப் பொருத்த வந்த பாஸ் முதலில் சாதாரண இரும்புத் திருகாணியைக் கொண்டுவந்தார். "மிஸ், உள்ளே போனால் யாருக்குத் தெரியும்?" என்றார். கடலோரத்தில் உப்புக்காற்று அதைத் தின்றுவிடும் என்று நானே கடைக்குப் போய்த் துருப்பிடிக்காத எஃகில் வாங்கி வந்தேன். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மறுத்தால், சுவரோடு ஒரே ஒரு கொக்கியால் பிணைத்த உயரமான புத்தக அலுமாரியும் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது வேலை: மறைவான மணல் பெட்டி

மறைவு நமக்குத்தான், பூனைக்கு அல்ல. வழி குறுகலாகவும் உள்ளே இருட்டாகவும் நாற்றமாகவும் இருந்தால் அது குளியலறைக் கால்மிதியைத் தேர்ந்தெடுக்கும்.

மணல் பெட்டியின் நீளம், மூக்கிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. கறுப்பி 45 சென்ரிமீற்றர், ஆகவே 68 வேண்டும். கடைப் பெட்டிகள் பல இதைவிடச் சிறியவை. உடுப்பு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தை 12 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுங்கச் செய்தோம். மணல் ஆறு சென்ரிமீற்றர் ஆழம், வாசனை சேர்க்காதது.

பெட்டியை மறைக்கும் அலுமாரியின் உள்நீளம் 90 சென்ரிமீற்றர். மிஞ்சும் 22 சென்ரிமீற்றரில் றப்பர் பாய் கிடக்கிறது, காலில் ஒட்டிய மணல் அங்கேயே உதிரும். வாசல் 20 சென்ரிமீற்றர் அகலம். பின்பலகை கிடையாது, சுவரிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது, காற்று அதன்வழியே போகிறது. முன்பக்கம் முழுக்கதவு, அள்ளுவதற்காக. ஒட்டுப்பலகையின் வெட்டு விளிம்புகள் உட்பட உள்ளே இரண்டு முறை எனாமல் பூசுங்கள், மரம் சிறுநீரைக் குடித்தால் பிறகு நாற்றம் போகாது. மேலே தொலைக்காட்சி. விருந்தினர் யாருக்கும் தெரியாது.

பூனையை ஒரே நாளில் அதற்குள் தள்ளாதீர்கள். முதல் வாரம் வெறும் பெட்டியை அந்த இடத்தில் வையுங்கள். இரண்டாம் வாரம் பெட்டியைக் கதவில்லாத அலுமாரிக்குள் வையுங்கள். கதவு மூன்றாம் வாரம். விளிம்பில் காலூன்றி நிற்பதும், மூடாமலே பாய்ந்தோடுவதும், வாசலருகே நனைப்பதும் "பிடிக்கவில்லை" என்று அது சொல்லும் வழிகள். ஒரு கட்டம் பின்வாங்குங்கள். கறுப்பி கதவு பொருத்தியதும் வாசலில் நனைத்தாள். அம்மா கதவைக் கழற்றிவிட்டு, "அவளும் ஆள்தானே, இருட்டறையில் இருப்பாளா?" என்றார். கதவின் மேல்பகுதியில் ஒரு வரிசைத் துளைகள் போட்டதும் வெளிச்சம் வந்தது, சிக்கல் தீர்ந்தது.

பெட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். பினாயில் பூனைக்கு நஞ்சு. வெளுப்புத் திரவம் சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சடைக்கும் புகை வரும்.

பெட்டி கண்ணில் படாததால் வரும் ஆபத்து ஒன்று உண்டு. தினமும் இருமுறை அள்ளும்போது சிறுநீர் பட்டு இறுகிய மணற்கட்டிகளை எண்ணுங்கள். கறுப்பிக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று. ஆண் பூனை அடிக்கடி உள்ளே போய் முக்கியும் கட்டியே இல்லையென்றால் வழி அடைத்திருக்கலாம். அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், மறுநாள் வரை பொறுக்காதீர்கள்.